அக்கரைத் தமிழ், இக்கரைத் தமிழ்: அடுப்படியிலும் பஸ்ஸிலும் மாறிப் புரியும் சொற்கள்

கேள்வி: என் சித்தி யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் மகள் போன வாரம் உச்சிப்புளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள், இனி இங்கேதான் இருப்பாள். அடுப்படியிலும் பஸ்ஸிலும் அவள் சொல்வது எங்களுக்கும், நாங்கள் சொல்வது அவளுக்கும் அடிக்கடி மாறிப் புரிகிறது. எந்தச் சொற்களை முதலில் சொல்லிக் கொடுக்கலாம்?

பதில்:

அவளுக்குத் தெரியாத சொற்களைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். "தாச்சி எங்க?" என்று அவள் கேட்டால் உங்கள் அம்மா "என்னத்தா அது?" என்று திருப்பிக் கேட்பார். அவள் கையால் வட்டம் போட்டுக் காட்டுவாள். இருப்புச்சட்டியைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்துவிடும், ஒரு நிமிட வேலை. தொல்லை தருவது இரண்டு கரையிலும் ஒரே மாதிரி ஒலித்து, வேறு வேறு பொருள் தருகிற சொற்கள். அங்கே யாரும் யாரையும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். இருவருக்கும் புரிந்துவிட்டது என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நான் 1990-ல் யாழ்ப்பாணத்திலிருந்து மண்டபத்துக்கு வந்தவள், இப்போது தங்கச்சிமடத்தில் இருக்கிறேன். என்னைச் சங்கடத்தில் மாட்டிவிட்டவை எல்லாம் இந்த வகைச் சொற்கள்தான். அதனால் இவற்றையே சொல்கிறேன்.

முதல் சொல் கறி. வந்த புதிதில் ராமேஸ்வரத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கு உதவியாகப் போய்க்கொண்டிருந்தேன். தை அமாவாசை அன்று அந்த வீட்டு அம்மா விரதம். காலையிலேயே அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு வந்து, கூடத்தில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். நான் பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு என்று மூன்று வகை செய்து இறக்கிவிட்டு, "அம்மா, கறியெல்லாம் வச்சிட்டன், படைக்கலாம்" என்றேன். திரியோடு அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "அமாவாசையிலயா கறி?" என்று எழுந்து வந்து, ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து பார்த்தார். மூன்றாவது மூடியையும் திறந்து பருப்பைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. "காய்னு சொல்லும்மா. கறின்னா இங்க ஆட்டுக்கறி" என்றார்.

யாழ்ப்பாணத்தில் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிற எதுவும் கறிதான். பருப்புக்கறி, கத்தரிக்காய்க்கறி, மீன்கறி எல்லாம் உண்டு. காய்களுக்குப் பொதுப்பெயர் மரக்கறி. ஆட்டையோ கோழியையோ சொல்ல வேண்டும் என்றால் இறைச்சி என்போம். இங்கே கறிக்கடை என்றால் இறைச்சிக்கடை. ஞாயிற்றுக்கிழமை "கறி எடுத்தாச்சா?" என்று கேட்டால் அது அரைக்கிலோவா ஒரு கிலோவா என்ற பேச்சு. ஆகவே அவளுக்கு இதைச் சொல்லுங்கள்: காய் வகைகளைக் கூட்டு, பொரியல், குழம்பு என்று அதனதன் பெயரால் சொல்ல வேண்டும், பொதுவாகச் சொல்ல வந்தால் 'காய்' என்றால் போதும். நீங்களும் ஒன்றைக் கவனியுங்கள். "ஞாயித்துக்கிழமை கறி எடுக்கணும், காசு வச்சிருக்கேன்" என்று சொல்லி அவளைத் தனியாகக் கடைக்கு அனுப்பினால், கத்தரிக்காயும் வெண்டைக்காயும் வாங்கி வந்து நிற்பாள். அவள் மேல் தப்பே கிடையாது.

கூட்டு, பொரியல் என்றேன் அல்லவா, அந்தப் பொரியலும் இதே வகைதான். நம் பக்கத்தில் பீன்ஸையோ முட்டைக்கோஸையோ தாளித்து வதக்கி, மேலே தேங்காய்ப்பூப் போட்டு இறக்கினால் அது பொரியல். யாழ்ப்பாணத்தில் பொரிப்பது என்றால் கொதிக்கிற எண்ணெயில் முழுகப் போட்டு எடுப்பது. கத்தரிக்காய்ப் பொரியல் செய்யச் சொன்னால், காயை நீளமாக நறுக்கி, மஞ்சளும் உப்பும் பிரட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்து வைப்பாள். அதுவும் நல்ல சாப்பாடுதான், ஆனால் வீட்டு எண்ணெய்க் கணக்கு தப்பிப்போகும். நீங்கள் பொரியல் என்று சொல்வதற்குக் கிட்டத்தட்ட அவள் வைத்திருக்கும் சொல் வறை. கீரை வறை, முட்டைக்கோவா வறை. "கோஸை வறை மாதிரி செய்" என்று சொல்லிப் பாருங்கள், நீங்கள் கேட்டது அப்படியே வரும்.

வறையைப் பற்றிப் பேசும்போது சுறாவைச் சொல்லாமல் விட முடியாது. சுறாவை அவித்து, தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாயோடு வதக்கி எடுப்பதை நீங்கள் சுறாப் புட்டு என்கிறீர்கள். அவளுக்கு அது சுறா வறை. புட்டு என்றால் அவளுக்கு மாவும் தேங்காய்ப்பூவும் போட்டு அவிக்கிறது மட்டும்தான். "இன்னைக்கு சுறாப் புட்டு" என்று நீங்கள் சொன்னால், ராத்திரிக்கு மா அவிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

மா என்றதும் கடைச் சாமான் ஞாபகம் வருகிறது. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் பொருள் வீணாகும். நீங்கள் மாவு என்பதை அவள் மா என்பாள், அது பிரச்சினை இல்லை. இலங்கையில் கோதுமை மா என்று கடையில் கேட்டால் வெள்ளை வெளேரென்று நைசாக ஒரு மா கிடைக்கும். இங்கே அதற்குப் பெயர் மைதா. இங்கே கோதுமை மாவு என்று கேட்டால் கொடுப்பது தவிட்டோடு அரைத்த, பழுப்பான சப்பாத்தி மாவு. எங்கள் ஊர் இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அந்த வெள்ளை மாவைத் துணியில் கட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் ஆவியில் அவித்து, சூட்டோடு கட்டியை உடைத்து அரித்து வைத்துக்கொள்வோம். அதோடு அரிசிமாவும் கலப்பதுண்டு. உங்கள் தங்கை என்றைக்காவது ஆசையோடு "நான் இடியப்பம் அவிக்கிறன், ஒரு கிலோ கோதுமை மா வாங்கித் தாங்கோ" என்பாள். சப்பாத்தி மாவை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதை அவித்தால் களி மாதிரி ஒட்டிக்கொள்ளும், உரலில் பிழிய வராது, வந்தாலும் நூல் அறுந்து அறுந்து விழும். தன் கைதான் கெட்டுவிட்டது என்று அவள் நினைத்துக்கொள்வாள். நான் அப்படி ஒரு மாதம் நினைத்திருக்கிறேன். பொட்டலத்தைப் பிரித்து நிறத்தைப் பார்த்தாலே தெரியும், பழுப்பாக இருந்தால் அது அவள் கேட்டதில்லை.

கடலையும் இப்படித்தான். இங்கே கடலை என்றால் நிலக்கடலை. அவளுக்குக் கடலை என்றால் நீங்கள் கொண்டைக்கடலை என்பது. நிலக்கடலைக்கு அவள் வைத்திருக்கும் பெயர் கச்சான். வண்டிக்காரரிடம் போய் "கச்சான் இருக்கோ?" என்று கேட்டால் நம் கடற்கரைக்காரர்கள் கடல் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் இங்கே கச்சான் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற காற்றுப் பெயர்கள் அந்தக் கரையிலும் இருக்கின்றன. அதனால் இந்த ஒரு சொல்லை அவளுக்கு விளக்குவது சுலபம்.

பாத்திரத்தில் இரண்டே இரண்டைச் சொல்லிக் கொடுத்தால் போதும். கரண்டி என்றால் உங்களுக்குக் குழம்பு ஊற்றுகிறது, அவளுக்கு வாயில் வைத்துச் சாப்பிடுகிற சின்ன ஸ்பூன். ஊற்றுகிற பெரியதை அவள் அகப்பை என்பாள். கோப்பை என்றால் உங்களுக்கு டீ குடிக்கிறது, அவளுக்குச் சோறு போட்டுச் சாப்பிடுகிற தட்டு. பந்தியில் "கோப்பை எடுத்துட்டு வா" என்று சொன்னால் தட்டோடு வருவாள். இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்கும்படி வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். வந்த வாரத்தில் சிரிப்பு ரொம்ப நாளுக்குக் காதில் நிற்கும்.

பாண், கதிரை, துவாய், சப்பாத்து மாதிரியான சொற்கள் ஏன் அவளிடம் மட்டும் இருக்கின்றன என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்தைப் போர்த்துகீசியர் 1619-ல் பிடித்தார்கள், 1658-ல் அது டச்சுக்காரர் கைக்குப் போனது. ரொட்டிக்குப் பாண், நாற்காலிக்குக் கதிரை, துண்டுக்குத் துவாய், ஷூவுக்குச் சப்பாத்து, சமையலறைக்குக் குசினி எல்லாம் போர்த்துகீசியம் விட்டுப்போன சொற்கள். அலுவலகத்தைப் பெரியவர்கள் கந்தோர் என்பது டச்சு. இந்தக் கரையில் அப்போது சேதுபதிகள் ஆட்சி, அதனால் இவ்வளவு வரவில்லை. ஆனாலும் ஜன்னலும் சாவியும் மேசையும் அதே போர்த்துகீசியக் கப்பலில் இங்கேயும் வந்து இறங்கியவைதான்.

இன்னொன்று. புதிதாக வருகிறவர்களுக்கு 'தமிழ்நாட்டுப் பேச்சு' என்று சொல்லிக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் சென்னைப் பேச்சைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். "சீனின்னு சொல்லாதே, சர்க்கரைன்னு சொல்லு", "சோறுன்னு சொல்லாதே, சாதம்னு சொல்லு" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். ராமநாதபுரத்தில் இது தேவையே இல்லை. இங்கேயும் சீனி சீனிதான், சோறு சோறுதான். உறைப்பு என்று சொன்னால் கிழவிகளுக்குக் காரம் என்பதைவிடச் சட்டென்று புரியும். குசினிக்குப் பதிலாக நீங்கள் சொல்லும் அடுப்படியை அவளும் ஊரில் கேட்டிருப்பாள். கீழக்கரைப் பக்கம் ஒருமுறை அவளைக் கூட்டிப் போங்கள். அங்கே முஸ்லிம் வீடுகளில் குழம்பை ஆணம் என்பார்கள், தொதல் கிண்டுவார்கள். இலங்கை முஸ்லிம் வீடுகளிலும் அதே ஆணம், அதே தொதல். எங்கேயோ தெரியாத இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் அவளுக்கு அங்கே கொஞ்சம் குறையும்.

சரி, இனி பஸ்ஸுக்கு வருவோம். இங்கே பொருட்பெயரைவிட வினைச்சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

போன வருடம் என் அண்ணன் மகள் ஊரிலிருந்து வந்திருந்தாள். ராமநாதபுரத்தில் பஸ் ஏறிவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் பண்ணி, "நான் பஸ்ஸுக்குள்ள நிக்கிறன்" என்றாள். அந்த அக்கா பதறிப்போய், "அம்பது கிலோமீட்டர் நின்னுக்கிட்டா வரப்போற? இறங்கி அடுத்த பஸ்ஸுல சீட் பிடிச்சு வா" என்று சொல்லி, அவளும் இறங்கிவிட்டாள். அவள் ஜன்னலோர சீட்டில் நன்றாக உட்கார்ந்துதான் பேசியிருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் நிற்பது என்றால் ஓரிடத்தில் இருப்பது. வீட்டில நிக்கிறன், கடையில நிக்கிறன், கொழும்பில நிக்கிறன். காலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இங்கே அதற்கு "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

இருப்பதோ அங்கே உட்காருவது. யாழ்ப்பாணத்து வீட்டுக்குப் போனால் "வாங்கோ, இருங்கோ" என்பார்கள், உட்காருங்கள் என்று அர்த்தம். இங்கே "இருங்க" என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் தங்கை பஸ்ஸில் ஒரு வயதான அம்மாவுக்கு எழுந்து இடம் கொடுத்து "இருங்கோ அம்மா" என்பாள். அந்த அம்மா ஏதோ காத்திருக்கச் சொல்கிறாள் என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் பெஞ்சைக் காட்டி "வாங்கில இருங்கோ" என்றால் இன்னும் மோசம், பெஞ்சுக்கு நாங்கள் சொல்லும் வாங்கு இங்கே யாருக்கும் தெரியாது. ஏதோ வாங்கச் சொல்கிறாள் என்பார்கள். "உக்காருங்க" என்ற ஒரு சொல்லை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

மூன்றாவதை அவளிடம் தனியாக, பெண்கள் யாராவது சொல்ல வேண்டும். வெளிக்கிடுவது என்றால் எங்களுக்குப் புறப்படுவது, உடுத்தித் தயாராவது. "வெளிக்கிட்டாச்சோ?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்போம். இங்கே "வெளிக்குப் போறது" என்றால் மலம் கழிக்கப் போவது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் நடுவில் சத்தமாக "வெளிக்கிடுவமோ?" என்று கேட்டால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏன் என்று அவளுக்குத் தெரியாது. "கிளம்பலாமா" என்று சொல்லிக் கொடுங்கள். அதே மாதிரி பெண்பிள்ளையை நாங்கள் பெட்டை என்பது சாதாரணப் பேச்சு. இங்கே கோழிக்கும் நாய்க்கும் சொல்வது, ஆளுக்குச் சொன்னால் சண்டை வரும்.

இனி அவள் தனியாக ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பஸ் முன்னாடி பார்த்து ஏறுவதில் சிரமம் இல்லை, ஊர்ப்பெயர் தமிழில்தான் இருக்கும். அந்தப் பஸ் சாதாரண டவுன் பஸ்ஸாக இருந்தால் 2021-லிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை, ஆனாலும் சீட்டு ஒன்று கிழித்துக் கொடுப்பார்கள். அதை இறங்கும்வரை கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மற்ற பஸ்ஸில் காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். கண்டக்டரை "அண்ணை" என்பாள், இங்கே "அண்ணே" என்பதுதான், காதில் ஒன்றாகவே விழும், மாற்ற வேண்டாம். ஆனால் "உச்சிப்புளி ஒண்டு" என்று சொன்னால், பஸ் சத்தத்தில் அது "ரெண்டு" என்று கேட்டு இரண்டு டிக்கெட் வந்துவிடும். எனக்கு இரண்டு தரம் நடந்திருக்கிறது. "ஒண்ணு" என்று சொல்லி, கூடவே ஒரு விரலையும் காட்டிவிடுவது நல்லது. மீதிக் காசு கையில் இல்லை என்றால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி, "பாக்கி அப்புறம் வாங்கிக்கங்க" என்பார். அவள் மிச்சக்காசு என்பது இந்தப் பாக்கிதான். இறங்கும்போது அவளாகக் கேட்டு வாங்க வேண்டும்.

"படியில நிக்காதீங்க" என்றால் அவள் ஊரில் மிதிபலகை என்று சொல்வதைச் சொல்கிறார்கள். ஓட்டுகிறவரைச் சாரதி என்று அவள் சொன்னால் புரியும், ஆனால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், டிரைவர்தான். பஸ் நிற்கிற இடத்தை ஹோல்ட் என்றோ தரிப்பிடம் என்றோ கேட்க வேண்டாம், ஸ்டாப் என்று கேட்கட்டும். இறங்கும் இடம் கிட்ட வரும்போது யாழ்ப்பாணத்தில் "இறக்கம்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். இங்கே "உச்சிப்புளி எறங்கணும்ணே" என்று ஊர்ப்பெயரோடு முழுதாகச் சொல்வது பழக்கம். கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பிவிடும். அந்த இரண்டுக்கு முன்னால் கால் தரையில் இருக்க வேண்டும்.

வழி சொல்லும் சொற்களில் அவள் அறவே கேள்விப்படாதது விலக்கு. பெரிய ரோட்டிலிருந்து ஒரு ஊருக்குக் கிளைரோடு பிரிகிற இடத்துக்கு அந்த ஊர்ப்பெயரோடு விலக்கு என்று சேர்த்துச் சொல்வோம், அதுவே ஸ்டாப்பின் பெயரும் ஆகிவிடும். விலக்கில் இறங்கினால் ஊர் அங்கேயே இருக்காது, உள்ளே நடக்கவோ ஆட்டோ பிடிக்கவோ வேண்டியிருக்கும். இதைத் தெரியாமல் இருட்டு நேரத்தில் விலக்கில் இறங்கிவிடக் கூடாது, ஆகவே கட்டாயம் சொல்லிவிடுங்கள். அவள் முடக்கு என்றால் ரோட்டு வளைவு, இங்கே அதை முக்கு என்றால் புரியும். முடுக்கு என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சின்னச் சந்து, அதை அவள் ஒழுங்கை என்பாள். தீவு என்ற சொல்லும் குழப்பும். பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் நமக்குத் தீவு. அவளுக்குத் தீவு என்றால் வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு. "தீவுக்கா போற?" என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் ராமேஸ்வரத்தைத்தான் கேட்கிறார்கள்.

கடைசியாக எழுத்து. பேச்சு இரண்டு மூன்று மாதத்தில் தானாகப் பழகிவிடும், எழுத்து அவ்வளவு சீக்கிரம் மாறாது. ஆங்கிலச் சொல்லில் நீங்கள் ட போடுகிற இடத்தில், சொல்லின் முதலில் ரகரமும் நடுவிலும் கடைசியிலும் றகரமும் போட்டுத்தான் எங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகினோம். டீ எங்களுக்கு ரீ, டிக்கெட் ரிக்கெற், டின்மீன் ரின்மீன். வாயால் சொல்லும்போது கிட்டத்தட்ட உங்களைப் போலத்தான் ஒலிக்கும், படித்தால்தான் புரியாது. என் கைப்பட எழுதிய முதல் கடைச் சீட்டை மளிகைக்கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரின் மீன்னு எங்க கடல்ல ஒரு மீனும் இல்லையேம்மா" என்று கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். உங்கள் தங்கை எழுதிக் கொடுக்கும் சீட்டில் ரகரம் வருகிற சொல் ஏதாவது புரியாவிட்டால், அதை டகரமாக மாற்றி ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். அதே சீட்டில் உள்ளி என்று இருந்தால் பூண்டு, தேசிக்காய் என்று இருந்தால் எலுமிச்சம்பழம், கறுவா என்று இருந்தால் பட்டை, செத்தல் என்று இருந்தால் மிளகாய் வத்தல்.